திறப்பு விழா நோட்டீஸ்

காலைப் பேப்பருக்குள்ளிருந்து நழுவி விழும் புதிய கிளைத் திறப்பு விழா நோட்டீஸை முழுதாகப் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பேன். உச்சியில் பிள்ளையார் சுழி. அடுத்து நேரம்: வெள்ளிக்கிழமை காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள். பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் குத்துவிளக்கு ஏற்றியாக வேண்டும்.

எழுதியவரின் கைத்திறன் முகவரியில்தான் தெரியும். கதவு எண்ணைப் பார்த்து யார் கடை தேடுகிறார்கள்? ‘பஸ் ஸ்டாண்ட் அருகில்’ என்பதும் போதாது. நாலு பக்கமும் அருகில்தான். ‘பஸ் ஸ்டாண்ட் கிழக்கு வாசல் எதிரில், மெடிக்கல் ஷாப் மாடியில்’ என்றால் யாரையும் கேட்காமல் வந்து சேரலாம்.

‘10% தள்ளுபடி’க்குப் பக்கத்திலேயே, அதே பெரிய எழுத்தில், ‘ஞாயிறு வரை மட்டும்’ என்றிருந்தால் அந்த முதலாளி மீது மதிப்பு கூடுகிறது. ‘பழைய கடையும் வழக்கம்போல் இயங்கும்’ என்ற வரி கட்டாயம் வேண்டும். அது விட்டுப்போனால், கடையையே மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துப் பழைய வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.