‘டிவி’யைத் தேர்ந்தெடுத்தால் டிவி வராது

இந்த 43 அங்குல கூகுள் டிவியின் திரையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 4கே, நிறங்கள் பரவாயில்லை, ஒலி சுமார், விலைக்கேற்ற சரக்கு. சில வாரங்களாக எங்கள் கூடத்தில் ஓடுகிறது. என் பொறுமையைச் சோதித்தது ஒன்றே ஒன்றுதான்: ஆன்டெனா, செட்டாப் பாக்ஸ், பிளேஸ்டேஷன் 5 மூன்றையும் மாட்டிய பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வழி. எங்களோடு இருக்கும் அத்தைக்கு இதுவரை பழைய டியூப் டிவிதான் பழக்கம். அவர் தனியாக இருக்கும்போது போட்டுப் பார்க்க முடியாத டிவிக்கு நான் நல்ல மதிப்பெண் தரமாட்டேன்.

முதலில் பட்டன். ரிமோட்டின் மேல்பகுதியில், பவர் பட்டனுக்கு எதிர்ப்பக்கம், ஒரு செவ்வகத்துக்குள் அம்புக்குறி நுழைவதுபோல ஒரு சின்னப் படம் இருக்கிறது. அதுதான் சோர்ஸ் பட்டன். கீழே யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் பட்டன்களுக்குப் பெயரைப் பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். தினமும் தேவைப்படும் இந்தப் பட்டனுக்கு ஓர் எழுத்துகூட இல்லை. இதுவாவது தேவலாம். இப்போது வரும் சில மெலிந்த ரிமோட்டுகளில் இந்தப் பட்டனே கிடையாது. ஹோமை அழுத்தி, மெனுவுக்குள் போய், இணைத்த கருவிகளைத் தேட வேண்டும். அப்படிப்பட்ட ரிமோட்டை முதியவர் இருக்கும் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்யவே மாட்டேன்.

பட்டனை அழுத்தினால் திரையின் ஓரத்தில் ஒரு பட்டியல் விரிகிறது: `TV`, `AV`, `HDMI 1`, `HDMI 2`, `HDMI 3`. மேல் கீழ் அம்புகளால் நகர்ந்து, நடுவில் இருக்கும் ஓகேவை அழுத்த வேண்டும். சில பிராண்டுகளில் நகர்ந்துவிட்டுக் காத்திருந்தாலே போதும், தானாக மாறிவிடும். இதில் அப்படியில்லை. ஓகே அழுத்தாவிட்டால் சில விநாடிகளில் பட்டியல் மறைந்துவிடும், பழைய படமே நிற்கும். அத்தை `HDMI 1` வரை சரியாகப் போய்விட்டு, மாறும் என்று காத்திருந்தார். பட்டியல் மறைந்ததும், “என்னப்பா, கேட்கவே மாட்டேங்குது?” என்றார். அவர் செய்ததில் ஒரே ஓர் அழுத்தம்தான் குறை. திரையில் எங்கேயாவது ‘ஓகே அழுத்தவும்’ என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

இதைவிடப் பெரிய பொறி பட்டியலின் முதல் வரி. டிவி பார்க்க நினைப்பவர் `TV` என்பதைத்தானே தேர்ந்தெடுப்பார்? அங்கே சன் டிவியும் வராது, விஜய் டிவியும் வராது. அது டிவிக்குள்ளேயே இருக்கும் ட்யூனர். பின்பக்கம் உள்ள வட்டமான ஆன்டெனா துளையில் எந்த வயர் செருகியிருக்கிறதோ அதை மட்டும் படிக்கும். கேபிள்காரர் கொடுத்த பாக்ஸோ, டிடிஎச் பாக்ஸோ அந்தத் துளைக்கு வருவதில்லை. எச்டி பாக்ஸ் என்றால் எச்டிஎம்ஐ வயரில் வரும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை உள்ள பழைய பாக்ஸ் என்றால் `AV`.

அந்த ட்யூனருக்கும் ஒரு பயன் உண்டு. தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி ஒளிபரப்பு, சில முக்கிய நிலையங்கள் தவிர, 2022-க்குள் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் சென்னை உள்ளிட்ட சில நகரங்களில் 2016 முதல் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறையில் அது வருகிறது. டிவியின் ட்யூனர் அந்த முறையைப் படிக்கக்கூடியதாக இருந்தால், `TV`-க்குப் போய், ஆன்டெனா என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை ஸ்கேன் செய்தால் டிடி சேனல்கள் சந்தா இல்லாமல் கிடைக்கும். ஸ்கேன் செய்யாதவரை அந்த வரிக்குப் பின்னால் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் மாட்டிய ஆன்டெனா இதற்காகத்தான்.

அடுத்தது, வெற்றுத் திரை. புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். திரையில் வரும் செய்தியை யார் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டால் பாதி குழப்பம் தீரும். கருப்புத் திரையில் `No Signal` என்று வந்து, ஓரத்தில் `HDMI 2` என்பதுபோல ஒரு பெயரும் வந்தால் பேசுவது டிவி. ஒன்று, தவறான வரியில் நிற்கிறீர்கள். அல்லது வரி சரி, பாக்ஸ் தூங்குகிறது. பாக்ஸின் விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான பாக்ஸ்களில் சிவப்பு என்றால் ஸ்டாண்ட்பை, பாக்ஸின் ரிமோட்டில் பவரை அழுத்தினால் போதும். அதே சிக்னல் இல்லை என்ற செய்தி கேபிள் அல்லது டிடிஎச் நிறுவனத்தின் லோகோவோடும் பிழை எண்ணோடும் வந்தால், பேசுவது பாக்ஸ். பாக்ஸின் படம் திரைக்கு வந்துவிட்டது என்பதால் சோர்ஸ் சரிதான். கோளாறு டிஷ்ஷிலோ, வயரிலோ, சந்தாவிலோ இருக்கிறது. அப்போது சோர்ஸ் பட்டனைத் தொட்டால் இருந்த படமும் போகும். சேனலை ஸ்கேன் செய்யச் சொல்லும் செய்தி வந்தால் நீங்கள் `TV` வரியில் நிற்கிறீர்கள்.

பிளேஸ்டேஷன் விஷயத்தில் இந்த டிவி என்னை மகிழ்வித்தது. கண்ட்ரோலரின் நடுப் பட்டனை அழுத்தியதும் டிவி தானே எழுந்து `HDMI 2`-க்குப் போகிறது. எச்டிஎம்ஐ வயருக்குள்ளேயே சிஇசி என்ற கட்டளைத் தடம் இருக்கிறது. ‘இப்போது நான்தான் ஓடுகிறேன்’ என்று கன்சோல் அதில் அறிவிக்கிறது. டிவியில் எச்டிஎம்ஐ கண்ட்ரோலையும், பிளேஸ்டேஷன் 5-ல் `Settings > System > HDMI` போய் `Enable HDMI Device Link`, `Enable One-Touch Play` இரண்டையும் இயக்கினால் இது நடக்கும்.

ஆனால் இது ஒருவழிப் பாதை. எங்கள் கேபிள் பாக்ஸுக்கு சிஇசி பேசத் தெரியாது. என் மகன் விளையாடி முடித்து கன்சோலை அணைத்ததும் டிவி `HDMI 2`-லேயே நிற்கிறது, `No Signal` காட்டுகிறது, சற்று நேரத்தில் தானே அணைந்தும் விடுகிறது. அத்தை மாலையில் சீரியல் பார்க்க வந்து, பாக்ஸ் ரிமோட்டை எவ்வளவு அழுத்தினாலும் பலன் இல்லை. பாக்ஸ் சேனலை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது, டிவிதான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அதனால் வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: விளையாடியவரே கேபிளுக்குத் திருப்பி வைத்துவிட்டு எழ வேண்டும்.

டிவிக்குள்ளும் இரண்டு மாற்றங்கள் செய்தேன், இரண்டும் பெரிய நிம்மதி. இன்புட்ஸ் அமைப்பில் `HDMI 1`-க்கு `CABLE` என்று பெயர் மாற்றி, பயன்படுத்தாத `AV`, `HDMI 3` இரண்டையும் மறைத்துவிட்டேன். கன்சோலின் பெயரை டிவியே கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டது. இப்போது பட்டியலில் தேவையானவை மட்டும். இரண்டாவது, `Power on behavior`. வாங்கியபோது ஒவ்வொரு முறையும் ஹோம் பக்கத்தில்தான் எழுந்தது, கரண்ட் போய் வந்தாலும் அப்படியே. இதைக் கடைசியாகப் பார்த்த இன்புட்டுக்கு மாற்றியபின் போட்டவுடன் கேபிள் வருகிறது. இந்த இரண்டையும் முதல் நாள் அமைப்பிலேயே கேட்டிருக்க வேண்டும். நிறுவனம் அதற்குப் பதிலாக ஆப்களைப் பரிந்துரைக்கத்தான் பல பக்கங்களைச் செலவிடுகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு: கடையில் டெமோ வீடியோவைத்தான் காட்டுவார்கள். ரிமோட்டைக் கேட்டு வாங்கி, ஒரு எச்டிஎம்ஐயிலிருந்து இன்னொன்றுக்கு நீங்களே மாறிப் பாருங்கள். சோர்ஸ், அம்பு, ஓகே என்ற மூன்றுக்கு மேல் அழுத்த வேண்டியிருந்தால் வேறு மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.