விலகும் கூட்டாளிக்கு எவ்வளவு?

கூட்டாளி ஒருவர் விலகும்போது நிறுவனத்தின் நற்பெயரை ஏட்டில் சொத்தாக எழுதுவதில்லை. தொடர்பவர்களின் முதல் கணக்கில் பற்று வைத்து, விலகுபவரின் முதல் கணக்கில் வரவு வைக்கிறார்கள். பணம் கொடுத்து வாங்காத, தானாக வளர்ந்த நற்பெயரைச் சொத்தாகக் காட்டக் கூடாது என்று கணக்கியல் தரம் 26 சொல்வதால் வந்த வழக்கம் இது. இந்த முறை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் இதில் தீராமல் நிற்கும் கேள்விகளும் உண்டு.

ஒரு ஜவுளி மொத்த வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணன், தம்பி, மைத்துனர் மூவருக்கும் சம பங்கு, ஆளுக்கு 15 லட்சம் முதல். தம்பி விலகுகிறார். இனி அண்ணனுக்கு மூன்றில் இரண்டு பங்கு, மைத்துனருக்கு ஒரு பங்கு என்று முடிவாகிறது. குடோனை மறுமதிப்பிட்டதில் 9 லட்சம் கூடுகிறது, ஆளுக்கு 3 லட்சம். கடந்த மூன்று ஆண்டு இலாபம் 10, 12, 14 லட்சம். சராசரி 12, அதன் இரண்டு ஆண்டுக் கொள்முதல் 24 லட்சம் நற்பெயர். அதில் தம்பியின் பங்கு 8 லட்சம்.

இந்த 8 லட்சத்தை யார் தருவது? புதிய இலாப விகிதமான 2:1 படி இருவருக்கும் பிரித்து எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. மைத்துனருக்கு முன்பும் மூன்றில் ஒன்று, இப்போதும் மூன்றில் ஒன்று. அவர் எதையும் கூடுதலாகப் பெறவில்லை. தம்பியின் பங்கு முழுவதும் அண்ணனிடம் போகிறது, ஆகவே 8 லட்சமும் அண்ணன் கணக்கில்தான் பற்று. பெறுகிறவரே தர வேண்டும் என்ற ஆதாய விகிதத்தின் இந்த நேர்மைதான் முறையின் பெரிய பலம்.

பலவீனம் அந்த 24 லட்சத்திலேயே இருக்கிறது. மூவரும் கடையில் உழைக்கிறார்கள், யாருக்கும் சம்பளம் எழுதவில்லை. ஆளுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் கழித்தால் சராசரி இலாபம் 6 லட்சமாகிறது, தம்பியின் நற்பெயர் 4 லட்சமாகிறது. இன்னும் 45 லட்சம் முதலுக்குப் பத்து சதவீதம் சாதாரண வருவாய் என்று கழித்து உயர் இலாப முறையில் பார்த்தால் 1 லட்சம்தான் மிஞ்சும். கடை ஒன்றுதான், விடைகள் மூன்று. எந்த முறை, சம்பளம் கழிப்பதா இல்லையா என்பது பத்திரத்தில் இல்லையென்றால், சூத்திரம் சண்டையைத் தீர்க்காது, சண்டைக்கு இலக்கம்தான் தரும். சம்பளம் கழிக்காத சராசரி, விலகுபவர் இனி உழைக்கப்போகாத உழைப்புக்கும் விலை போடுகிறது என்பது என் ஆட்சேபம்.

சம்பளம் கழிக்காத முறையில் வந்த 8 லட்சத்தையே வைத்துப் பார்ப்போம். தம்பிக்குச் சேர வேண்டியது 15, 3, 8 சேர்த்து 26 லட்சம். அண்ணனின் முதல் 10 லட்சமாகச் சுருங்குகிறது, மைத்துனருடையது 18 லட்சம். குறைந்த முதல் போட்டவர் மூன்றில் இரண்டு பங்கு இலாபம் எடுக்கிறார். அண்ணன் ரொக்கம் கொண்டுவராவிட்டால், அவர் வாங்கிய பங்குக்கான பணத்தை நிறுவனமே கடனாகச் சுமக்கிறது, அதில் மைத்துனரும் மாட்டிக்கொள்கிறார். ஏட்டில் பற்று எழுதுவதால் பணம் வந்துவிடாது. முதல்களைப் புதிய விகிதத்துக்குச் சரிசெய்ய அண்ணன் எவ்வளவு கொண்டுவர வேண்டும் என்று அன்றே எழுதிக்கொள்ளாத நிறுவனங்கள் பிறகு தவிக்கின்றன.

வருமான வரி வேறொரு விதமாகப் பார்க்கிறது. 2021-இல் மாற்றியமைக்கப்பட்ட 45(4) பிரிவில், மறுமதிப்பீட்டாலும் தானே வளர்ந்த நற்பெயராலும் கூடிய முதலைக் கணக்கில் எடுப்பதில்லை. தம்பி 26 லட்சம் வாங்கினால், 15 போக 11 லட்சம் நிறுவனத்தின் கையில் மூலதன ஆதாயம். வரியை நிறுவனம் கட்டுகிறது, அதாவது தொடர்பவர்கள் கட்டுகிறார்கள். இதை யார் சுமப்பது என்ற பேச்சு, தொகை பேசும் நாளிலேயே முடிந்திருக்க வேண்டும்.

கடைசியாகத் தவணை. கணக்கைத் தீர்க்காமல், தம்பியின் பங்குச் சொத்தையும் வைத்துக்கொண்டு கடை நடந்தால், இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932-இன் 37-ஆம் பிரிவு அவருக்கு ஒரு தேர்வு தருகிறது. அவர் சொத்து ஈட்டிய இலாபத்தின் பங்கைக் கேட்கலாம், அல்லது தன் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி கேட்கலாம். 26 லட்சத்துக்கு வட்டி 1,56,000 ரூபாய். கடையின் இலாபம் 14 லட்சம் என்றும், தொடரும் இருவரின் உழைப்புக்கு 4 லட்சம் கழித்தும் மூன்றில் ஒன்று பார்த்தால் 3.33 லட்சம். 6 சதவீதம் வங்கிக் கடனைவிட மலிவு என்பதால், இழுத்தடிப்பவருக்கே அது இலாபம். அந்த ஆசைக்குக் கடிவாளம் போடுவது இலாபப் பங்கு என்ற மாற்று வழி. ஆனால் விலகுபவரின் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமையைப் பத்திரம் தொடர்பவர்களுக்குத் தந்து, அவர்கள் அதை முறைப்படி பயன்படுத்திவிட்டால், பிற்கால இலாபத்தில் அவர் பங்கு கேட்க முடியாது. கையெழுத்திடுமுன் தம்பி தேடிப் படிக்க வேண்டிய வாசகம் அது.