கதவை அறைந்து சாத்தாத ஒரு விலகல்: பிரெட் பிரெண்ட்லியின் 1966ஆம் ஆண்டுக் கடிதம்

சென்ற நோன்பு விடுமுறையில் என்னிடம் படித்த தம்பியொருவர் வீட்டுக்கு வந்தார். ஒரு பத்திரிகையில் செய்தியாளராக இருப்பவர். அவர் எழுதிய செய்தியொன்றின் முக்கியமான பகுதியை அவரிடம் கேட்காமலேயே வெட்டிவிட்டார்களாம். கையில் மூன்று பக்க இராஜினாமாக் கடிதம். "சேர், தமிழ் பிழை இருந்தா மட்டும் திருத்தித் தாங்க" என்றார். வாசித்துப் பார்த்தேன். தமிழில் பிழை இல்லை. ஆனால் மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் ஆசிரியரின் குணநலன் பற்றியது. வெட்டப்பட்ட செய்தி என்ன, அது ஏன் வாசகனுக்கு வேண்டும் என்பது நாலே வரிதான்.

நான் எதையும் திருத்தவில்லை. பிரெட் பிரெண்ட்லி எழுதிய கடிதத்தின் கதையைச் சொன்னேன். இராஜினாமாக் கடிதத்தையும் ஓர் இலக்கிய வகையாக எடுத்துத் திறனாய்வு செய்யலாம் என்பது என் எண்ணம். அப்படிச் செய்தால் முதலில் எடுக்க வேண்டியது அந்தக் கடிதம்தான்.

பிரெண்ட்லி அமெரிக்காவின் சீ.பி.எஸ். தொலைக்காட்சியில் பதினாறு வருடம் வேலை செய்தவர். எட்வர்ட் மரோவோடு சேர்ந்து, 1954இல் செனட்டர் மெக்கார்த்தியின் அட்டகாசத்தை அம்பலப்படுத்திய நிகழ்ச்சியைத் தயாரித்தவர். 1964இல் செய்திப் பிரிவின் தலைவரானார். 1966 பெப்ரவரியில் செனட்டின் வெளியுறவுக் குழு, அதன் தலைவர் புல்பிரைட்டின் கீழ், வியட்நாம் யுத்தம் பற்றிப் பகிரங்க விசாரணை நடத்தியது. பெப்ரவரி 10ஆம் திகதி சாட்சி சொல்ல வந்தவர் ஜோர்ஜ் கெனன். சோவியத் யூனியனைக் கட்டுப்படுத்தி வைக்கும் கொள்கைக்கு வித்திட்டவரே அவர்தான். அப்படிப்பட்டவர், வியட்நாமுக்கு நாங்கள் போயிருக்கவே கூடாது என்ற தோரணையில் பேசப்போகிறார். போட்டி நிலையமான என்.பி.சி. அதை நேரடியாக ஒளிபரப்பியது. சீ.பி.எஸ்.ஸில் அந்நேரம் ஓடியது 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடர். அதுவும் ஐந்தாவது தடவையாக மறு ஒளிபரப்பு.

முடிவெடுத்தவர் ஜோன் ஷ்னைடர். நிர்வாகத்தில் புதிதாக உயர்த்தப்பட்டவர், செய்தித்துறை அனுபவம் இல்லாதவர். பகலில் தொலைக்காட்சி பார்ப்பது வீட்டுப் பெண்கள், அவர்களுக்கு வியட்நாமில் அக்கறை இல்லை, கருத்தை உருவாக்குகிறவர்கள் அந்நேரம் வேலைக்குப் போயிருப்பார்கள் என்பது அவருடைய வாதம். தங்கள் பிள்ளைகளை யுத்தத்துக்கு அனுப்பிய தாய்மாருக்கு யுத்தத்தில் அக்கறை இல்லை என்று சொன்ன வாதம் இது! விளம்பர வருமானக் கணக்கும் இதன் பின்னால் இருந்தது.

ஐந்து நாள் கழித்து, பெப்ரவரி 15ஆம் திகதி, நிறுவனத் தலைவர் வில்லியம் பேலிக்கும் அவருக்கு அடுத்த பிராங் ஸ்டன்டனுக்கும் பிரெண்ட்லி கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, அவர் புதிய கொள்கை எதையும் பிரகடனம் செய்யவில்லை. பாராளுமன்ற விவாதங்களைப் படம்பிடிக்கத் தொலைக்காட்சிக்கு உரிமை வேண்டும் என்று பல வருடமாகப் போராடியவர்கள் பேலியும் ஸ்டன்டனும்தான். மக்களால் அங்கே போக முடியாது, அவர்களுக்குப் பதிலாக நாங்கள் போகிறோம் என்பதே அந்தப் போராட்டத்தின் நியாயம். கதவு திறந்தபோது நாம் உள்ளே போகவில்லையென்றால் உங்கள் போராட்டமே கேலிக்கூத்தாகிவிடும் என்று பிரெண்ட்லி எழுதினார். கடிதத்தில் கடுமையான சொல் இதுதான். அதுகூட ஆளைச் சுடவில்லை. நிறுவனத்தின் சொல்லை எடுத்து நிறுவனத்தின் செயலுக்குப் பக்கத்தில் வைக்கிறது. அவ்வளவே. ஆளைத் திட்டினால் அவர் திருப்பித் திட்டலாம். தான் கொடுத்த வாக்கை யாரும் திருப்பித் திட்ட முடியாது.

இரண்டாவது, பழியில் தனக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். தலைவராக இருந்த ஏறக்குறைய இரண்டு வருடத்தில் தன் செய்தித் தீர்ப்பை மென்மையாக்கியதும் மனச்சாட்சியை அளவுக்கேற்பத் தைத்துக்கொண்டதும் ஒரு தடவைக்கு மேல் என்று ஒப்புக்கொள்கிறார். என் பார்வையில் கடிதத்தின் உயிர் இந்த இடம்தான். 'நான் சுத்தம், நீங்கள் அழுக்கு' என்று எழுதியிருந்தால் அது ஒரு வழக்காக மட்டும் இருந்திருக்கும்.

மூன்றாவது, கடைசியில் அவர் நிற்பது பார்வையாளன் பக்கத்தில். இதில் மிகப் பெரிய பங்கு உள்ளவன் பார்வையாளன் என்கிறார். முந்திய வருடம் காலமான மரோவை நினைவுகூர்கிறார். அந்நிறுவனத்தின் செய்தியாளர்கள் மிகச் சிறந்தவர்கள், அவர்களுக்குத் தகுந்த தலைமை கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறார். விட்டுப் போகிற வீட்டில் இருக்கிறவர்களின் சோற்றில் மண் போடவில்லை.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இது திறனாய்வு ஆகாது, மௌலூது ஓதியதாகிவிடும். ஷ்னைடரின் நியமனத்தால் பிரெண்ட்லியின் அதிகாரம் குறைந்திருந்தது. அதுவரை நேரே பேலியிடமும் ஸ்டன்டனிடமும் போனவர், இனி இடையில் ஒருவரைத் தாண்ட வேண்டும். கடிதமே இதைப் பேசுகிறது. செய்திப் பிரிவு தலைமைக்கு மட்டுமே பொறுப்பாக இருக்க வேண்டும் என்பது தன் கண்டுபிடிப்பல்ல என்று வாதாடுகிறது. அப்படியென்றால் அவர் விலகியது கெனனுக்காகவா, கதிரைக்காகவா? இரண்டும் கலந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் அதை மறைக்கவில்லை. அதோடு, யார் யாருக்குக் கீழ் என்ற கேள்வி இங்கே வெறும் கௌரவப் பிரச்சினையும் அல்ல. லூசியா கெனனா என்று தீர்மானித்ததே அந்தக் கேள்விதான்.

இன்னொன்று: கடிதம் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக்கும் போய்விட்டது. அது வெளியே போயிராவிட்டால் பேசித் தீர்த்திருக்கலாம் என்பது பேலியின் நிலைப்பாடு. மரியாதையாக எழுதிய கடிதமும் பகிரங்கமானால் பாலத்தை எரித்துவிடும். ஆனால் பகிரங்கமாகாதிருந்தால் அது ஒரு பைலுக்குள் தூங்கியிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே சுகமான வழி கிடையாது. பிரெண்ட்லி விலையைக் கொடுத்தார். பகிரங்கமாகப் போகிற கடிதத்தில் வெட்கப்பட வேண்டிய ஒரு வரியும் இருக்கக் கூடாது என்பதையும் அவர் பார்த்துக்கொண்டார்.

பலன்? சீ.பி.எஸ். உடனே திருந்திவிடவில்லை. பிரெண்ட்லி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் படிப்பித்தார். போர்ட் மன்றத்தின் ஆலோசகராக இருந்து, விளம்பரத்தை நம்பாத பொதுத் தொலைக்காட்சிக்காக உழைத்தார். தான் விலகிய காரணத்தையே தன் அடுத்த வேலையாக ஆக்கிக்கொண்டார்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் கோபப்படக் கூடாதா சேர்?" என்று கேட்டார். "கோபப்படுங்க. ஆனா உங்கட கோபம் வெட்டுப்பட்ட அந்தப் பகுதிக்காக இருக்கட்டும். அத வாசிக்கேலாமப் போன ஆளுக்காக இருக்கட்டும்" என்றேன். பத்திரிகையின் முதலாவது இதழில் அவர்கள் வாசகருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று தேடிப் பார்க்கவும் சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்தார். கடிதம் ஒரு பக்கமாகச் சுருங்கியிருந்தது. முதலாவது இதழின் வாசகம் அதில் இருந்தது. இதற்கு முந்திய இரண்டு வெட்டுகளுக்குத் தான் பேசாமல் இருந்ததும் இருந்தது. ஆசிரியரின் குணநலன் பற்றி ஒரு வரியும் இல்லை. இன்னும் கையொப்பம் இடவில்லை. இடுவதா இல்லையா என்பது அவருடைய பொறுப்பு.