அடைப்புக்குறிக்குள் ஓர் ஆறு

பரிந்துரைக் கடிதம் கேட்டு இறுதியாண்டு மாணவர்கள் எழுதும் மடல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. “தங்கள் மேலான வழிகாட்டுதலில் பயின்ற நான்” என்று தொடங்கும். கையெழுத்தை மறைத்துவிட்டால் யார் எழுதியது என்று எனக்கே தெரியாது. இந்த வாரம் வந்ததை மூன்று முறை படித்தேன். வரலாற்று முதுகலை மாணவி, கல்வெட்டுப் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். இரண்டாவது வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டாள்: “ஐயா, ஆடுகளின் எண்ணிக்கையை நான் தப்பாகப் படித்தது உங்களுக்கு நினைவிருக்கும்.”

பரிந்துரை கேட்கிறவள் தன் பிழையை முதலில் எடுத்து வைக்கிறாள்! அந்தத் துணிவைவிட, அதை அவள் விவரித்த விதம்தான் என்னைக் கட்டிப்போட்டது.

போன ஆண்டு காவிரிக்கரைச் சிற்றூர்க் கோயில் ஒன்றில் சோழர் காலக் கல்வெட்டைப் படியெடுத்தோம். நுந்தா விளக்குக்கு ஆடு விட்ட செய்தி. இப்படிப்பட்ட கொடைகளில் ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 ஆடு அல்லது 96 ஆடு வரும். நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவள் எடுத்த முதற்படியில் ௯௰ தெளிவாக இருந்தது. அடுத்து ஒரு கருந்திட்டு. தொண்ணூறு என்று எழுதிவிட்டாள்.

திட்டு ஏன் வந்தது என்பதை மடலில் அவளே சொல்கிறாள்: “தாள் காய்வதற்குள் அவசரப்பட்டு மை ஒற்றினேன்.” சின்ன வாக்கியம்தான், தொழில் தெரிந்தவர்தான் எழுத முடியும். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். பிறகு பாதி காயும்வரை பொறுத்து, மை தோய்த்த துணிப்பொதியால் மேலாக ஒற்ற வேண்டும். அப்போதுதான் மேடு கறுத்து, பள்ளத்தில் எழுத்து வெள்ளையாக நிற்கும். ஈரத்தில் ஒற்றினால் மை பள்ளத்துக்குள்ளும் ஊறிவிடும். எழுத்து இருந்த இடத்தில் கறைதான் மிஞ்சும்.

அடுத்த பத்தி இன்னும் அழகு. “கல்லில் சுண்ணாம்பு அப்பியிருந்ததை மூங்கில் சீவலால் சுரண்டிவிட்டு இரண்டாம் படி எடுத்தேன். தாளை அடித்தவன் என் வகுப்புத் தோழன். என் கை அதற்குள் ஓய்ந்திருந்தது.” பரிந்துரை வேண்டுபவள் பாராட்டில் பாதியைப் பக்கத்திலிருப்பவனுக்குக் கொடுத்துவிடுகிறாள். இரண்டாம் படியில் ஒரு கொக்கியின் அடிவளைவு தெரிந்தது. ஆறுக்கான குறி சு போல இருக்கும். அதன் வாலாக இருக்கலாம். அதே கல்வெட்டில் கீழே, அதே கொடையாளி அரை விளக்குக்கு 48 ஆடு விட்டிருந்தார். அரைக்கு 48 என்றால் முழுதுக்கு 96. துள்ளிக் குதித்து, 96 என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. கணக்கு சொல்வது வேறு, கல் சொல்வது வேறு. ஐயத்துக்குரிய எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்து, 48 ஆட்டுக் கணக்கை அடிக்குறிப்பில் எழுதச் சொன்னேன். இரண்டு நாள் வாதாடினாள். மடலில் அந்தச் சண்டையை ஒரே வரியில் முடித்திருக்கிறாள்: “௯௰[௬] என்று எழுதியபோது எரிச்சலாக இருந்தது; இப்போது அந்த அடைப்புக்குறி இல்லாத பாடத்தைப் பார்த்தால்தான் சந்தேகம் வருகிறது.” இங்கே நிறுத்தி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கடைசிப் பகுதி பயன் கருதியது. எந்தப் படிப்பு, எந்தத் தேதிக்குள், உறையின் மேல் என்ன எழுத வேண்டும் எல்லாம் இருக்கிறது. கூடவே, “வட்டெழுத்தை நான் உங்களிடம் படிக்கவில்லை; அதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டாம்” என்கிறாள். ஆசிரியரின் கையெழுத்தை வீணாக்க விரும்பாத பிள்ளை. முடிவில் “என்றென்றும் நன்றிக்கடன்பட்ட” என்று ஒரு சரிகைக்கரை வைத்திருக்கிறாள். அந்த எளிய சேலைக்கு அது ஒட்டவில்லை. போகட்டும்.

பழைய ஏட்டை எடுத்துப் பார்த்தேன். முதற்படியின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘90, சரி’ என்றிருக்கிறது. என் கையெழுத்து. கறையைப் பார்த்துச் சரி போட்டவன் நான். அந்தச் செய்தி அவள் மடலில் எங்குமே இல்லை. பரிந்துரைக் கடிதத்தின் இரண்டாம் பத்தியில் அதை நான் எழுதிவிட்டேன்.