தவணையும் மின்கட்டணமும்: கூரைமேல் ஒரு வருஷக் கணக்கு

கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தித்தர வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கிறார்கள்: "இப்போது கரண்ட் பில்லுக்குக் கொடுக்கிற பணத்தை வங்கித் தவணையாகக் கட்டுங்கள் சார், கடன் தீர்ந்த பிறகு மின்சாரம் இலவசம்." கேட்பதற்கு இது நியாயமாகவே இருக்கிறது. ஆனால் தவணை மாதத்துக்கு ஒருமுறை வருவது, தமிழ்நாட்டில் மின்கட்டணமோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. தவணை வருஷம் முழுவதும் மாறாத தொகை, கட்டணமோ வெயிலோடு ஏறி மழையோடு இறங்குவது. ஆகையால் இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க வேண்டுமானால் குறைந்தது ஒரு முழு வருஷத்தின் ஆறு பில்களாவது கையில் இருக்க வேண்டும் என்று கருதி, திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 2024 நவம்பரில் நிறுவிய 2 கிலோவாட் அமைப்பின் வரவு செலவை 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைத்தேன். அந்தக் கணக்கே இந்த விமர்சனம்.

முதலில் கடனைச் சொல்லிவிடுகிறேன். 540 வாட் தகடுகள் நான்கு, 2 கிலோவாட் இன்வெர்ட்டர், இரும்புத் தாங்கி, கம்பி வேலை எல்லாம் சேர்ந்து விலை ரூ.1,30,000. பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா ரூ.30,000 மத்திய அரசின் மானியம் உண்டு. மூன்றாவது கிலோவாட்டுக்கு அது ரூ.18,000, அதற்கு மேல் ஒன்றுமில்லை. விலையில் பத்தில் ஒரு பங்கை, அதாவது ரூ.13,000-ஐ, நாங்கள் போட்டோம், மீதி ரூ.1,17,000-ஐ வங்கி 7 சதவீத வட்டியில் பத்து வருஷத்துக்குக் கொடுத்தது. தவணை மாதம் ரூ.1,358. இந்த வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு பிணைந்திருப்பதால் 2025-இல் சிறிது இறங்கியது. கணக்குச் சிக்கலாகாதிருக்க அந்தச் சொற்ப லாபத்தை இங்கே விட்டுவிடுகிறேன்.

இனி, அந்தத் தவணை நீக்குகிற கட்டணம் எவ்வளவு என்பது. இதில் பெரும்பாலோர் செய்கிற பிழை, பில் தொகையை யூனிட்டால் வகுத்து, யூனிட்டுக்குச் சராசரி இத்தனை ரூபாய் என்று வைத்துக்கொண்டு, தகடு தரும் யூனிட்டுகளை அதனால் பெருக்கிவிடுவது. நம் மின்கட்டணமோ படிப்படியாக ஏறுவது. இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டுக்குள் அடங்கினால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு ரூ.2.35, அடுத்த 200-க்கு ரூ.4.70, கடைசி 100-க்கு ரூ.6.30 என்பது 2024 ஜூலை முதல் வீடுகள் கட்டிவரும் விகிதம். 500-ஐத் தாண்டிவிட்டாலோ அந்த ரூ.2.35 என்ற சலுகைப் படி மறைந்து, அதுவும் ரூ.4.70 ஆகிவிடுகிறது, 501-லிருந்து 600 வரை ரூ.8.40, 800 வரை ரூ.9.45, 1000 வரை ரூ.10.50 என்று மேலே ஏறுகிறது. நெட் மீட்டர் முறையில் மின்வாரியத்திலிருந்து நாம் வாங்கிய யூனிட்டிலிருந்து நாம் அனுப்பிய யூனிட்டைக் கழித்து, மிஞ்சியதற்கே பில் போடுகிறார்கள். ஆகவே சூரியன் தருகிற ஒவ்வொரு யூனிட்டும் மாடிப்படியின் மேற்படியிலிருந்துதான் வெட்டிக்கொண்டு வருகிறது. விலை மிகுந்த யூனிட்டுகள் முதலில் போகின்றன. மலிவானவை பிறகு போகின்றன. இலவச யூனிட்டுகளை வெட்டுவதில் ஒரு காசு பிரயோஜனமும் இல்லை.

எங்கள் மே-ஜூன் பில்லை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு குளிர்சாதனங்களும் ஓடிய அந்த இரண்டு மாதத்தில் வீட்டின் மொத்த உபயோகம் 900 யூனிட். தகடுகள் இல்லாதிருந்தால் ரூ.5,820 கட்டியிருப்போம். தகடுகள் 507 யூனிட் தந்தன, எஞ்சியது 393 யூனிட், கட்டியது ரூ.1,142. மிச்சம் ரூ.4,678, அதாவது தகட்டின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒன்பது ரூபாய்க்கு மேல் மதிப்புக் கிடைத்திருக்கிறது. இரண்டு தவணைக்குரிய ரூ.2,716 போக, ரூ.1,962 கையில் நின்றது. நவம்பர்-டிசம்பரிலோ வேறு கதை. வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடியதால் தகடுகள் 360 யூனிட்டே தந்தன, வீட்டு உபயோகமும் 520-க்கு இறங்கிவிட்டது, ரூ.2,208 வந்திருக்க வேண்டிய பில் ரூ.141 ஆனது. பார்வைக்கு இது பெருவெற்றி போலத் தோன்றினாலும் மிச்சமான ரூ.2,067, இரண்டு தவணைக்கு ரூ.649 போதாது. ஜனவரி-பிப்ரவரியில் பில்லே வரவில்லை என்றாலும் ரூ.340 குறைந்தது.

வருஷம் முழுவதையும் கூட்டினால், உபயோகம் 4,200 யூனிட், தகடுகள் தந்தது ஏறத்தாழ 2,820 யூனிட், ரூ.23,202 கட்டவேண்டிய இடத்தில் ரூ.2,707 கட்டினோம். மிச்சம் ரூ.20,495, தவணைகளுக்குப் போனது ரூ.16,296. தவணையைக் கட்டணம் தாங்கியது என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் கோடையில் மிஞ்சியதைத் தனியே எடுத்துவைக்கிற குடும்பத்துக்கே அது உண்மை. எடுத்துவைக்காமல் செலவழித்துவிடுகிறவர்களுக்கு மழைக்காலத்தில், பில்லும் இல்லாமல் பணமும் இல்லாமல் தவணை தேதி மட்டும் வந்து நிற்கும்.

எங்களுக்கு முதலில் விலை சொன்னவர் 3 கிலோவாட்டையே வற்புறுத்தினார். "பில்லே பூஜ்யமாகிவிடும்" என்பது அவர் வாதம். அது மெய்தான். ஆனால் அந்தப் பூஜ்யத்தின் விலை என்ன என்பதை அறிய, இதே வருஷத்து அளவுகளைக் கொண்டு, தகடுகள் பாதியாக இருந்திருந்தால் எப்படி, ஒன்றரைப் பங்காக இருந்திருந்தால் எப்படி என்று போட்டுப் பார்த்தேன். முதல் கிலோவாட் வருஷத்துக்கு ரூ.12,324 மிச்சப்படுத்துகிறது, இரண்டாவது ரூ.8,171, மூன்றாவதோ ரூ.2,707 மட்டுமே. மூன்று கிலோவாட்டும் ஒரே அளவு வெயிலைத்தான் குடிக்கின்றன. ஆனால் முதலாவது ஒன்பது, பத்து ரூபாய் யூனிட்டுகளை வெட்டுகிறது, மூன்றாவது பெரும்பாலும் இரண்டு ரூபாய்ப் படியையும் இலவசப் படியையும் வெட்டிக்கொண்டிருக்கிறது. மானியம் போக மூன்றாவது கிலோவாட்டுக்கு ஏறக்குறைய ரூ.37,000 பிடிக்கும் என்று வைத்தால், 7 சதவீதத்தில் அதற்கு வட்டி மட்டுமே வருஷத்துக்கு ரூ.2,590 ஆகிறது. மிச்சமாவது வட்டிக்குச் சரியாகப் போய்விட, அசல் அசையாமல் நிற்கும். வீட்டில் இன்னொரு குளிர்சாதனமோ மின்சார ஸ்கூட்டரோ வரப்போகிறது என்ற நிச்சயம் இருந்தாலன்றி, அந்த மூன்றாவது கிலோவாட்டைக் கடனில் வாங்குவது விவேகமல்ல என்பதே என் அபிப்பிராயம்.

இதே நியாயம் சிறிய குடும்பங்களுக்கும் பொருந்தும். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கும் வீட்டின் பில் ரூ.1,175. ஒரு கிலோவாட் 240 யூனிட்டைக் குறைத்தால் பில் ரூ.141 ஆகி, மாதத்துக்கு ரூ.517 மிச்சமாகும். மானியம் போக ரூ.45,000 கடன் என்று கொண்டால் பத்து வருஷத் தவணை ரூ.522. தராசின் இரு தட்டும் சமமாக நிற்கின்றன. ஒரு பழுது வந்தால் நஷ்டத்தின் பக்கம் சாய்ந்துவிடும். 500 யூனிட்டை எப்போதுமே தாண்டாத வீடுகள் கடன் வாங்குவதற்கு முன் இதை இருமுறை யோசிக்க வேண்டும்.

இனி உபகரணத்தின் நடத்தையைப் பற்றி. இன்வெர்ட்டரோடு வருகிற கைப்பேசிச் செயலி தகடுகள் உற்பத்தி செய்ததை மட்டுமே காட்டும். மின்வாரியத்தின் மீட்டர் வாங்கியதையும் அனுப்பியதையும் காட்டும். உற்பத்தியில் அனுப்பியதைக் கழித்து, வாங்கியதைக் கூட்டினால்தான் வீட்டின் மெய்யான உபயோகம் தெரியும். மேலே கொடுத்த அளவுகள் அப்படி எடுத்தவை.

செயலி காட்டும் அன்றாட வரைபடம் நல்ல வைத்தியன் பார்க்கும் நாடியைப் போன்றது. தெளிந்த வானமுள்ள நாளில் அது காலையில் எழுந்து உச்சியில் உயர்ந்து மாலையில் தணியும் வழவழப்பான குவிமாடமாக இருக்க வேண்டும். ரம்பத்தின் பல்லைப் போல ஏறி இறங்கினால் அது மேகம். நடுப்பகலில் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து, சிறிது நேரத்தில் மீண்டும் எழுந்தால், ஒன்று மின்தடை, அல்லது தெருக் கம்பியில் மின்னழுத்தம் வரம்பை மீறியதால் இன்வெர்ட்டர் தானே விலகியது. பேட்டரி இல்லாத இவ்வமைப்பு, கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஆபத்து நேராதிருக்க, மின்தடையில் வேலை செய்யாது. தெளிந்த நாள்தோறும் ஒரே மணிக்கு ஒரு பள்ளம் விழுந்தால் அது நிழல்.

எங்கள் வரைபடத்தில் டிசம்பரில், மூன்று மணி சுமாருக்கு, அப்படியொரு பள்ளம் தோன்றியது. இடத்தைப் பார்க்க வந்தவர் ஆகஸ்டில் வந்தார். அப்போது சூரியன் ஏறத்தாழத் தலைக்குமேல் நின்றதால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலடியிலேயே சுருங்கிக் கிடந்தது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்தபோது, தகடுகளுக்குத் தென்மேற்கே நின்ற அதே தொட்டி ஒரு தகட்டின்மேல் நிழலை நீட்டியது. தகடுகள் ஒரே சரமாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒன்றின் குறை மற்றவற்றையும் இழுத்தது. தாங்கியை உயர்த்தி இடம் மாற்றிய பிறகே குவிமாடம் முழுமையடைந்தது. கோடையில் இடம் பார்ப்பவர்கள் மார்கழி நிழலைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, மீட்டர். வங்கி பணத்தைக் கொடுத்த நாளிலிருந்து தவணை ஓடத் தொடங்கிவிடும். ஆனால் நெட் மீட்டர் மாட்டும்வரை அமைப்பை இயக்கக்கூடாது. பழைய மீட்டர்கள் சில, நாம் அனுப்புகிற யூனிட்டையும் வாங்கியதாகவே எண்ணிவிடும். எங்களுக்கு ஒரு தவணை இந்த இடைவெளியில் வீணாயிற்று. மானியமும் மீட்டர் மாட்டிச் சோதனை முடிந்த பிறகுதான் வரும்.

அந்த மானியம் ரூ.60,000 கடன் கணக்கில் வந்து சேர்ந்தபோது வங்கியில் இரண்டு வழி சொன்னார்கள். எஞ்சிய ரூ.57,000-ஐப் பழைய பத்து வருஷத்துக்கே பரப்பினால் தவணை ரூ.662 ஆகக் குறையும்; ரூ.1,358-ஐயே தொடர்ந்து கட்டினால் நான்கு வருஷத்துக்குச் சற்றுமேல் கடன் தீரும். மழைக்காலப் பற்றாக்குறையைக் கோடை மிச்சம் தாங்குகிறதென்று கணக்கில் கண்டதால் நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். மழைக்காலத்தில் கை இறுகும் குடும்பத்துக்கு முதலாவதே நன்று. கடன் தீர்ந்த பிறகு மின்சாரம் இலவசம் என்ற வாக்கியத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. தகடுகள் 25 வருஷம் உழைத்தாலும் இன்வெர்ட்டர் அத்தனை காலம் நிற்பதில்லை. ஆகையால் 2029-இல் தவணை நின்றதும், வருஷத்தில் மிச்சமாகிற இருபதாயிரத்தில் இரண்டாயிரத்தைப் புது இன்வெர்ட்டருக்கென்று ஒதுக்கிவைக்க இருக்கிறோம். நோட்டுப்புத்தகத்தில் அதற்கும் ஒரு பத்தி கோடு போட்டாயிற்று.