பேனாவைத் திறப்பதற்கு முன்

எழுத்து வேலை தெரிந்தவர் என்று ஒருவருக்குப் பெயர் வந்துவிட்டால் போதும். நாலு பக்கத் தாளை நீட்டி, "கொஞ்சம் பாத்து சரி பண்ணிக் குடுங்க" என்பார்கள். யாருக்கு, எதற்கு, எவ்வளவு தூரம் கை வைக்கலாம் என்று ஒரு வார்த்தை இருக்காது. புதிதாக வேலைக்கு வந்தவர் உடனே சிவப்புப் பேனாவைத் திறந்து முதல் வரியிலிருந்து ஒற்று போட ஆரம்பித்துவிடுவார். கைதேர்ந்த எடிட்டர் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்து, தாளைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு மூன்று கேள்வி கேட்பார். அவருடைய தொழில் நேர்த்தியில் பாதி அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. அச்சில் வராததால் அதை யாரும் ரசிப்பதில்லை.

இந்தத் தொல்லையை எழுதிவைத்துத் தீர்க்கப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் பசடேனாவில், நாசாவுக்காக விண்கலங்களை உருவாக்கும் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில், விஞ்ஞானிகள் எழுதும் அறிக்கைகள் குவிந்துகொண்டே இருந்தன. எல்லோரும் 'எடிட் செய்யுங்கள்' என்றுதான் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒன்றை மனதில் வைத்திருந்தார்கள். அங்கே பணியாற்றிய ராபர்ட் வான் பியூரன், மேரி ஃபிரான் பியூலர் இருவரும் 1976இல் ஒரு சின்னக் கையேடு எழுதினார்கள். 1980இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. எடிட்டிங் என்ற ஒரே பெயரில் நடப்பதை அவர்கள் ஒன்பது வேலைகளாகப் பிரித்தார்கள். படத்தின் எண்ணும் உரையில் சொல்லும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது ஒரு வேலை. அச்சுக் கோப்பவருக்குப் புரியாத கையெழுத்தைத் தெளிவாக்குவது இன்னொன்று. வாக்கியத்தைச் சீராக்குவது வேறு, கட்டுரையின் அடுக்கையே மாற்றுவது வேறு. இந்த ஒன்பதையும் ஐந்து நிலைகளாகக் கட்டினார்கள். முதல் நிலை என்றால் ஒன்பது வேலையும் நடக்கும். ஐந்தாம் நிலை என்றால் நிறுவனத்தின் விதிகளுக்கு ஒத்துப்போகிறதா என்பதையும் நிர்வாக வேலைகளையும் மட்டும் பார்ப்பார்கள். எந்த நிலை என்று முடிவானால் எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு என்பதும் முடிவாகிவிடும்.

விண்கலம் விடுகிற இடத்துக்கு அது சரி. நம் ஊர்த் தெருவில் மூன்றாம் நிலையா, நான்காம் நிலையா என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்கள். இங்கே அதே விவரத்தைப் பேச்சுவாக்கில் வாங்க வேண்டும். அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு மாதிரி மனுவை வைத்தே பார்க்கலாம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அவர் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டி, பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவர் நாலு பக்க மனு எழுதுகிறார். முதல் பக்கம் முழுக்கத் தெருவின் வரலாறு, இரண்டாவதில் பழைய நகர்மன்றத் தலைவர்களின் பெருமை. மூன்றாவது பக்கத்தின் நடுவில் இப்படி ஒரு வாக்கியம்: "மேற்படி பொறியாளரின் பொறுப்பற்ற, கண்டிக்கத்தக்க மெத்தனப் போக்கினால் இத்தெரு மக்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகியுள்ளோம் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவன்புடன் கொண்டுவர விரும்புகிறேன்." இதை, நாளிதழ் டெஸ்க்கில் பல வருடம் இருந்துவிட்டு அதே தெருவில் குடியிருக்கும் ஒரு பெண்மணியிடம் கொடுக்கிறார்.

இந்த வாக்கியத்தில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஒற்று எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஆனாலும் இது மூன்று பேர் பேசும் வாக்கியம். 'மக்கள்' என்று தொடங்கி, 'ஆளாகியுள்ளோம்' என்று தெருவோடு சேர்ந்துகொண்டு, 'விரும்புகிறேன்' என்று தனியாளாக முடிகிறது. முன்பாதி அதட்டுகிறது, பின்பாதி கைகட்டி நிற்கிறது. இலக்கணம் பார்க்கிறவர் எழுவாயும் பயனிலையும் பொருந்தவில்லை என்று திருத்திவிட்டுப் போவார். அந்தப் பெண்மணி திருத்தவில்லை. அவர் கேட்டது வேறு.

"சார், இதை யார் கையில குடுக்கப்போறீங்க?"

"நகராட்சி ஆணையர்கிட்டதாம்மா."

"படிச்சிட்டு அவர் என்ன செய்யணும்?"

"வேலைய முடிச்சுக் குடுக்கணும். எவ்வளவு பணம் ஒதுக்குனாங்க, எவ்வளவு செலவாச்சு, ஏன் நிறுத்துனாங்கன்னும் சொல்லணும்."

"கையெழுத்து நீங்க மட்டுமா, தெருவுல எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

இதில் தொனியைப் பற்றியோ நீளத்தைப் பற்றியோ வடிவத்தைப் பற்றியோ ஒரு கேள்விகூட இல்லை. 'உங்களுக்கு என்ன தொனி வேண்டும்?' என்று கேட்டால், கேட்கப்பட்டவர் விழிப்பார். அல்லது 'நல்லா, ஸ்ட்ராங்கா' என்பார். அந்தப் பதிலை வைத்து எந்த வாக்கியத்தையும் மாற்ற முடியாது. படிக்கப்போவது யார், படித்த பிறகு அவர் செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்தால் தொனியும் நீளமும் வடிவமும் தாமாக வந்து நிற்கும். நல்ல எடிட்டரின் கேள்விகளில் ரசிக்க வேண்டியது இந்த வரிசையைத்தான்.

தலைமையாசிரியரின் இரண்டாவது பதிலில் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. அவர் கையில் இருப்பது ஒரு மனு இல்லை, இரண்டு. வேலையை முடித்துக் கொடு என்பது கோரிக்கை. அது ஆணையருக்குப் போக வேண்டும். எவ்வளவு ஒதுக்கினாய், ஏன் நிறுத்தினாய் என்பது தகவல்; அது 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் போக வேண்டும். முன்னதற்குப் பதில் சொல்ல அந்தச் சட்டத்தில் கெடு கிடையாது. பின்னதற்கு 30 நாள் கெடு உண்டு. இரண்டையும் ஒரே தாளில் குழைத்துக் கொடுத்தால், 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒற்றை வரிப் பதிலோடு இரண்டையும் முடித்துவிடலாம். பிழை திருத்துவதோடு நின்றிருந்தால், ஒற்றுப்பிழை இல்லாத ஒரு வீண் மனு தயாராகியிருக்கும்.

பிரித்ததும் தொனி தெளிந்தது. ஆணையருக்கான தாளில் கோபமும் வேண்டாம், குழைவும் வேண்டாம். நடந்தது இருந்தால் போதும். அந்த நீள வாக்கியம் இப்படி ஆனது: "எங்கள் தெருவில் வடிகால் பணி மார்ச் மாதம் பாதியில் நின்றது. தோண்டிய பள்ளம் இன்றுவரை மூடப்படவில்லை. ஆகஸ்ட் மழையில் எட்டு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது." பொறியாளரைத் திட்டிய சொல் ஒன்றுகூட இதில் இல்லை. ஆனால் முதலில் இருந்ததைவிட இது அவரை அதிகம் சங்கடப்படுத்தும். 'பொறுப்பற்ற' என்பதை மறுத்து ஒரு விளக்கக் கடிதம் எழுதிவிடலாம். எட்டு வீட்டுத் தண்ணீரை அப்படி மறுக்க முடியாது.

தகவல் கேட்கும் தாளில் தொனி இன்னும் வறண்டது. "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று அதில் கேட்டுப் பயனில்லை. அலுவலகத்தில் பதிவாக இருப்பதைத்தான் தர வேண்டும். இல்லாததைப் புதிதாக உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011இல் சிபிஎஸ்இ தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே கேள்வியை ஆவணமாக மாற்ற வேண்டும்: பணி ஆணையின் நகல், மதிப்பீட்டின் நகல், பொறியாளர்கள் 'எம்-புக்' என்று சொல்லும் அளவீட்டுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பணியை நிறுத்தச் சொல்லிய கடிதம் ஏதும் இருந்தால் அதன் நகல். காரணம் அந்தக் காகிதங்களில் இருக்கும். தகவல் எதற்கு வேண்டும் என்று விண்ணப்பதாரர் சொல்ல வேண்டியதே இல்லை என்று சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்வதால், தெருவின் வரலாறு முழுக்க இங்கே உதிர்ந்துவிடுகிறது.

நீளமும் அப்படித்தான். மத்திய அரசு அலுவலகங்களுக்கான 2012ஆம் ஆண்டு விதிகள், தகவல் கேட்கும் விண்ணப்பம் சாதாரணமாக 500 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. இணைப்புகள் அந்தக் கணக்கில் வராது. மீறினாலும் அதைக் காட்டி நிராகரிக்கக் கூடாது என்றும் சேர்த்தே சொல்கின்றன. இதற்கு வெகுகாலம் முன்பே, 1940 ஆகஸ்ட் 9ஆம் தேதி, போர் நடந்துகொண்டிருந்தபோது, வின்ஸ்டன் சர்ச்சில் தன் அரசுத் துறைகளுக்கு இதே பொருளில் ஒரு குறிப்பு அனுப்பினார். அறிக்கைகளைச் சிறு பத்திகளாக எழுதுங்கள், சிக்கலான விவரமும் புள்ளிவிவரமும் பின்னிணைப்புக்குப் போகட்டும் என்பது அதன் சாரம். இரண்டிலும் உள்ள யுக்தி ஒன்றுதான்: வெட்டி எறிவதற்குப் பதில் இடம் மாற்றுவது. தலைமையாசிரியரின் முதல் இரண்டு பக்கத்தைக் குப்பையில் போட்டால் அவருக்கு மனம் வலிக்கும். அதிலிருந்த தேதிகளை மட்டும் பொறுக்கி, 'இணைப்பு 1' என்று ஒரு பட்டியலாக்கினால் மனுவும் ஒரு பக்கத்தில் அடங்கும், அவர் உழைப்பும் வீணாகாது.

வடிவம் என்றதும் பலர் அழகு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற அந்தப் பழைய சட்டகத்தில் 'பொருள்' வரிதான் தபால் பிரிவில் படிக்கப்படும் வரி. மனு எந்த மேசைக்குப் போகும் என்பதை அது தீர்மானிக்கிறது. 'தெரு மக்களின் அவலம் குறித்து' என்று இருந்தால் எந்த மேசைக்கும் போகலாம். 'மழைநீர் வடிகால் பணி பாதியில் நின்றது, முடித்துத் தரக் கோருதல்' என்றால் பொறியியல் பிரிவுக்குப் போகும். முன்பே கொடுத்த மனு இருந்தால் அதன் தேதி 'பார்வை'யில் வர வேண்டும். இல்லாவிட்டால் இது முதல் மனு என்றே கணக்காகும். கோப்பாக அனுப்புவதென்றால் எழுத்துருவையும் கேட்டுவிட வேண்டும். பாமினியிலோ வானவில்லிலோ தட்டியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் படிக்கவே முடியாத குறிகளாகத்தான் தெரியும்.

கேள்வி கேட்பதிலும் ஒரு அளவு உண்டு. பத்துக் கேள்வி அடுக்கினால் வந்தவர் தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார். தாளிலேயே விடை இருக்கிறதைக் கேட்கக் கூடாது. பதில் எதுவானாலும் வேலை மாறாது என்றால் அந்தக் கேள்வியே வேண்டாம். தேர்ந்தவர்கள் இன்னொன்றும் செய்வார்கள்: ஒரே ஒரு பத்தியை மட்டும் திருத்திக் காட்டி, "இந்த அளவு கை வைக்கலாமா?" என்பார்கள். கேட்டவருக்கு என்ன வேண்டும் என்பது, தன் வாக்கியம் மாறியதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் பலமுறை அவருக்கே தெரியவரும்.

கை வைக்கவே கூடாத தாள்களும் இருக்கின்றன. சாட்சி தன் வாயால் சொன்ன வாக்குமூலத்தில் கொச்சையை எழுத்துநடையாக மாற்றினால், அது அவர் சொன்னதாக இருக்காது. பேத்தி கல்யாணத்துக்குத் தாத்தா எழுதிய வாழ்த்தில் வாக்கியம் இடறினாலும் அது அவர் நடை. எங்கே பேனாவை மூடியே வைத்திருக்க வேண்டும் என்பதும் அந்த முதல் கேள்வியின் பதிலிலேயே கிடைத்துவிடுகிறது.

தாளை நீட்டுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'சரி பண்ணிக் குடுங்க' என்று சொல்வதற்கு முன், மேலே மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: யார் படிக்கப்போகிறார், படித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும், எந்த வரியைத் தொடக் கூடாது. மீதியை எடிட்டர் பார்த்துக்கொள்வார்.