கலாநிதி: பெயரா, பட்டமா?

மதுரையில் நடக்கும் கருத்தரங்குக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் பேச வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தன்னைப் பற்றி அனுப்பிய குறிப்பு ‘கலாநிதி’ என்று தொடங்குகிறது. தமிழ்நாட்டில் கலாநிதி என்றால் ஓர் ஆளின் பெயர். இல்லாவிட்டால் சென்னை மியூசிக் அகாதெமி வழங்கும் சங்கீத கலாநிதி. இலங்கையிலோ முனைவர் பட்டம் பெற்றவரை அப்படித்தான் அழைப்பார்கள். இது தெரியாமல் மேடையேறும் தொகுப்பாளர் ‘கலாநிதி ஐயா அவர்களே’ என்று தொடங்கிவிட்டால், வந்தவருக்கு அன்று முழுவதும் அதுவே பெயர்.

இரண்டு கரையிலும் ஒரே தமிழ் என்பதால்தான் இந்தக் குறிப்புகளை யாரும் சரிபார்ப்பதில்லை. ஆங்கிலக் குறிப்பு வந்தால் ஐயம் வரும், கேட்போம். தமிழில் வந்தால் புரிந்துவிட்டதாக நினைத்து அப்படியே வாசித்துவிடுகிறோம்.

பதவிப் பெயர்களில் இந்தக் குழப்பம் அதிகம். தமிழ்நாட்டுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியரையும் பேச்சுவழக்கில் பேராசிரியர் என்றே சொல்கிறோம். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர் என்ற படிகளைத் தாண்டிய பிறகுதான் பேராசிரியர். தமிழ்நாட்டு உதவிப் பேராசிரியரை யாழ்ப்பாண மேடையில் பேராசிரியர் என்று அறிமுகப்படுத்தினால், அவர் வகிக்காத பதவியைச் சபைக்குச் சொன்னதாகிவிடும். ‘அதிபர்’ இன்னொரு சொல். இலங்கையில் அது பள்ளித் தலைமையாசிரியர். தமிழ்நாட்டுக் காதுக்கு நாட்டின் அதிபரோ தொழிலதிபரோதான்.

விருதில் பிழை வந்தால் இன்னும் மோசம். யாழ்ப்பாணத்து எழுத்தாளரின் குறிப்பில் ‘சாகித்திய விருது’ என்றிருந்தால் அது பெரும்பாலும் இலங்கையின் அரச சாகித்திய விருது. தமிழ்நாட்டில் அதை வாசிப்பவர் நடுவில் ‘அகாதெமி’யைத் தானாகச் சேர்த்துவிடுவார். பெறாத விருதைப் பெற்றதாகக் கேட்டபடி மேடையில் உட்கார்ந்திருப்பது எவருக்கும் சங்கடம். விருதின் முழுப் பெயர், கொடுத்த அமைப்பு, ஆண்டு ஆகிய மூன்றும் கிடைக்காவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுவதே நல்லது.

யாழ்ப்பாணத்து நினைவுப் பேருரைகளில் வேறொரு பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது: பேச வந்தவரோடு, யார் நினைவாகப் பேசுகிறாரோ அவரையும் அறிமுகப்படுத்த வேண்டும். க. கைலாசபதியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் 1974இல் அங்கே தொடங்கியது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகம். அதன் முதல் தலைவர் கைலாசபதி. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தரானவர் சு. வித்தியானந்தன். ஆண்டையும் பதவியையும் சேர்த்து எழுதிப் பார்த்தால் இத்தகைய பிழை தானே தெரிந்துவிடும்.

உச்சரிப்புக்கு வருவோம். ஆங்கில T என்ற தலைப்பெழுத்தை இலங்கையில் ‘ரி’ என்று எழுதுவார்கள். டி.எம். சௌந்தரராஜன் அங்கே ரி.எம். சௌந்தரராஜன். மதுரைத் தொகுப்பாளர் ‘ரி’யை எழுத்தில் உள்ளபடியே வாசித்தால் பெயரே மாறிவிடும். இதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

“ஐயா, உங்க பேருக்கு முன்னாடி இருக்கிற ‘ரி’யை எப்படிச் சொல்லணும்?”

“நாங்கள் ரி எண்டுதான் எழுதுவம் தம்பி. நீங்கள் ‘டி’ எண்டே சொல்லுங்கோ.”

சிங்களப் பெயர்களில் கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும். இலங்கைத் தமிழர் ‘விக்கிரமசிங்க’, ‘ராஜபக்ஷ’ என்று சரியாக எழுதுகிறார்கள். தமிழ்நாட்டு ஏடுகள் ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘சிங்கே’, ‘பக்சே’ என்று நீட்டிவிட்டன. வாசிப்பவரின் தாளில் ‘சிங்க: ‘தங்க’ என்பதுபோல் முடியும்’ என்று பெயருக்கு மேலேயே எழுதிவைத்தால் போதும். பின்குறிப்பாக எழுதினால் மேடையில் கண் அங்கே போகாது.

அறிமுகத்தின் நீளத்தில் மட்டும் இரண்டு ஊரும் ஒன்று. மதுரையில் பொன்னாடைக்கு முன் அடைமொழிகள் நீளும். யாழ்ப்பாணத்தில் வரவேற்புரையும் தலைமையுரையும் சொன்னதையே அறிமுகவுரை மூன்றாவது முறையாகச் சொல்லும். நிதானமாக வாசித்தால் ஏறத்தாழ 150 சொற்கள் இரண்டு நிமிடத்துக்குள் முடியும், அதுவே தாராளம். நமது கருத்தரங்குக் குறிப்பில் பள்ளி, குடும்பம், கலந்துகொண்ட மாநாடுகள் எல்லாம் இருந்தால் அவற்றை நீக்கலாம். இன்றைய தலைப்போடு தொடர்புள்ள ஒரு நூல், இன்றைய பதவி, சரியான பெயர் ஆகியவை நிற்கட்டும். வாய்விட்டு வாசித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பிழை பெரும்பாலும் அழைப்பிதழிலேயே நுழைந்துவிடுகிறது. தொகுப்பாளர் அதைப் பார்த்துத்தான் வாசிக்கிறார். ஆகவே கடல் தாண்டி வருபவரின் குறிப்பை, அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே தொலைபேசியில் அவரிடம் ஒருமுறை முழுதாக வாசித்துக் காட்டிவிடுங்கள்.